வன்னி முழுக்க ஒருவருக்கா, ஒரு வீதி மட்டுமா? தூள் விநியோகப் பேச்சில் கடைசியில் என்ன மிஞ்சும்

இந்த வருடம் மட்டும் நாலு பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான கடதாசியோடு என்னிடம் வந்துவிட்டார்கள். மூவர் பெண்கள், வீட்டில் தூள் வறுத்து விற்பவர்கள். நாலாவது ஒரு தம்பி, மிளகும் மஞ்சளும் அரைத்துப் பக்கெற் போடுகிறவர். கடதாசியில் இருந்தது இதுதான்: "வன்னி முழுவதற்கும் ஏக விநியோக உரிமை, 12 வீதம், 45 நாள் கடன்." கையெழுத்து வைக்கலாமா என்பது எல்லோருடைய கேள்வியும்.

நான் எட்டு வருடம் விநியோக வானில் விற்பனைப் பிரதிநிதியாக ஏ9 வீதியில் ஓடியவன். இப்போது கிளிநொச்சியில் சிறு உற்பத்தியாளர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் கடதாசியை இரண்டு பக்கம் இருந்தும் பார்த்திருக்கிறேன். அதனால் வந்தவர்களில் ஒருவரின் கணக்கை அவருடைய சம்மதத்தோடு எடுத்து, அவருக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கிறேன்.

அவர் வட்டக்கச்சியில் இருக்கும் அக்கா. வறுத்த கறித்தூள் மட்டும்தான் செய்கிறார். மாதம் 200 கிலோ, 250 கிராம் பக்கெற்றில் 800 பக்கெற். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, விறகு, மில் கூலி, பக்கெற், லேபல், வறுக்க வரும் இருவரின் கூலி எல்லாம் சேர்த்துப் பக்கெற்றின் அடக்கவிலை 350 ரூபா. பக்கெற்றில் அச்சிட்ட விலை 600. மிளகாய் விலை ஏறி இறங்கும்போது இந்த எண்கள் மாறும். கணக்குப் போடும் விதம் அப்படியேதான் இருக்கும்.

## எதை வைத்து அளப்பது

வீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள்தான் பிறகு என்னிடம் கணக்கோடு வந்தார்கள். நான் நாலு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, எல்லாம் கழிந்த பிறகு ஒரு பக்கெற்றில் கையில் நிற்கும் ரூபா. இரண்டாவது, அந்த ரூபா என்றைக்கு வருகிறது என்பது. மிளகாய்க்கடைக்காரர் நமக்குக் கடன் தருவதில்லை, நாம் விநியோகஸ்தருக்குக் கொடுக்கிறோம். இடையில் நிற்கும் காசு பெரும்பாலும் அடகில் இருக்கும் நகைதான். மூன்றாவது, விற்காமல் திரும்பும் பக்கெற் யாருடைய தலையில் விழுகிறது என்பது. நாலாவது, சரிவராவிட்டால் வெளியே வர எவ்வளவு பாடு என்பது. எல்லைப் பேச்சு இந்த நாலாவதுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஒருவருக்கு முழு இடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் விற்காத ஊரிலும் நாம் விற்க முடியாது.

## வழிகளுக்கு முன்: 12 வீதம் என்றால் எதில் 12?

அக்காவிடம் வந்த விநியோகஸ்தர் சொன்னது: "அக்கா, 12 வீதம். எல்லாரும் எடுக்கிறதுதான்." அக்கா தலையாட்டிவிட்டார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவர் மனதிலும் இருந்தது ஒரே தொகை இல்லை.

சில்லறைக் கடைக்கு அச்சிட்ட விலையில் 15 வீதம் விடவேண்டும் என்று வைப்போம். 600இல் 90 போக, கடைக்காரர் 510 ரூபாவுக்கு வாங்குகிறார். இதுவரை குழப்பமில்லை. விநியோகஸ்தரின் 12 வீதத்தை மூன்று விதமாகப் போடலாம்.

அவர் நம்மிடம் வாங்கும் விலையின் மேல் 12 வீதம் என்றால், 510ஐ 1.12ஆல் வகுக்கவேண்டும். நமக்கு 455 ரூபா 35 சதம் வரும். அவர் கடைக்கு விற்கும் 510இல் 12 வீதம் என்றால் 61 ரூபா 20 சதம் போய், நமக்கு 448.80. அச்சிட்ட 600இல் 12 வீதம் என்றால் 72 போய், நமக்கு 438.

அக்கா நினைத்தது முதலாவது. விநியோகஸ்தர் எழுதிய பில்லில் வந்தது மூன்றாவது. பக்கெற்றுக்கு 17 ரூபாவுக்கு மேல் வித்தியாசம், 800 பக்கெற்றில் மாதம் ஏறத்தாழ 13,900 ரூபா. வறுக்க வரும் ஒருவரின் மாதக் கூலியில் பெரும்பகுதி அது. ஆகவே பேச்சில் வீதத்தை விட்டுவிடுங்கள். "நான் உங்களுக்கு ஒரு பக்கெற் எத்தனை ரூபாவுக்குப் பில் போடுகிறேன், நீங்கள் கடைக்கு எத்தனை ரூபாவுக்குப் போடுவீர்கள்" என்று இரண்டு எண்ணைக் கேட்டு இரண்டையும் கடதாசியில் எழுதுங்கள். விலை மாறும் நாளில் வீதம் தேவைப்படும், அப்போது எந்த விலையின் மேல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

## வழி ஒன்று: வன்னி முழுவதும் ஒருவருக்கே

இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஒரு பில், ஒரு தொலைபேசி இலக்கம், வான் வாசலுக்கு வரும், நாம் வறுக்கும் வேலையை மட்டும் பார்க்கலாம். கணவர் வெளிநாட்டில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்று இருக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். 438 ரூபாவில் அடக்கவிலை 350 போக 88 நிற்கிறது. அதற்குப் பிறகு மூன்று கழிவுகள் வருகின்றன.

முதல் கழிவு இலவசப் பக்கெற். "12 எடுத்தால் ஒன்று இலவசம் போடுங்கோ, கடைக்காரர் அப்பதான் எடுப்பினம்" என்பார்கள். இலவசமாகப் போகும் பக்கெற்றின் அடக்கவிலை 350ஐ மற்றப் 12 பக்கெற்றில் பிரித்தால், ஒவ்வொன்றிலும் 29 ரூபா. அதுவாவது கடைக்குப் போனால் பரவாயில்லை. நான் வானில் ஓடிய காலத்திலேயே பார்த்தேன், இலவசப் பக்கெற்றில் ஒரு பகுதி கடைக்குப் போகாமல் வானுக்குள்ளேயே விற்பனைச் சரக்காகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஐந்து கடைக்குப் போய், கடைசித் தடவை எத்தனைக்குப் பில், எத்தனை இலவசம் என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

இரண்டாவது, திரும்பும் பக்கெற். கடதாசியில் "விற்காத சரக்கு முழுவதும் மீளப் பெறப்படும்" என்று ஒரு வரி இருந்தது. நூற்றுக்கு மூன்று திரும்பினால் பக்கெற்றுக்கு 13 ரூபா. விநியோகஸ்தருக்கு நட்டமே இல்லை என்றால், ஆறு மாதத் தவணைத் தூளை அவர் தகரக் கூரைக் கடையில் வெயில் அடிக்கும் தட்டில் நாலு மாதம் விட்டுவைப்பார். அந்தத் தூளை வாங்கும் ஆள் அடுத்த முறை அக்காவின் பெயரைப் பார்த்து வேறு பக்கெற் எடுப்பார்.

மூன்றாவது, 45 நாள். மாதம் 800 பக்கெற் என்றால் எந்த நேரமும் 1,200 பக்கெற்றின் அடக்கவிலை, 4,20,000 ரூபா, வெளியே நிற்கும். நகை அடகில் நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபா வட்டி என்று வைத்தால் மாதம் 6,300, பக்கெற்றுக்கு எட்டு ரூபாவுக்குக் கிட்ட.

மூன்றும் கழிந்து நிற்பது 38 ரூபா.

எல்லை விஷயம் இதைவிடக் கடுமை. "வன்னி" என்று எழுதினால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாம் அதற்குள் வரும். அந்த விநியோகஸ்தரின் வான் உண்மையில் போவது ஏ9 வழியே வவுனியாவில் இருந்து பரந்தன் வரை. மாங்குளத்தில் மேற்கே திரும்பி மல்லாவி, துணுக்காய் போய்வர அரை நாள் கரையும். ஒரு கடையில் 12 பக்கெற் இறக்கினால் அவருக்கு மிஞ்சுவது 864 ரூபா. அதற்காக வானைத் திருப்ப அவருக்கு மனம் வராது. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் திருப்பமாட்டேன். ஒட்டுசுட்டான், முள்ளியவளை, புதுக்குடியிருப்பு, பூநகரி எல்லாம் இப்படித்தான் வெறுமையாகக் கிடக்கும். அங்கே வேறொருவர் தூளைக் கேட்டு வந்தால், நாம் கொடுத்த கையெழுத்தே நம்மைத் தடுக்கும்.

எப்போது இது சரி? மாதம் 2,000 பக்கெற்றுக்கு மேல் வறுக்கும் வசதியும் ஆட்களும் இருந்து, விற்க ஆள் இல்லாதபோது. அப்போதும் மாதம் இத்தனை பக்கெற் எடுக்கவேண்டும், இரண்டு மாதம் தொடர்ந்து எடுக்காவிட்டால் ஏக உரிமை தானாகவே போய்விடும் என்று எழுதியிருக்கவேண்டும். இந்த வரி இல்லாமல் ஏக உரிமை கொடுக்கவே வேண்டாம்.

## வழி இரண்டு: வீதியை எழுதிக் கொடுப்பது

எல்லையை மாவட்டத்தின் பெயரால் எழுதாமல் வீதியின் பெயராலும் கடைகளின் பெயராலும் எழுதுவது இது. அக்காவின் விநியோகஸ்தர் வவுனியாக்காரர். அவருடைய வான் வடக்கே ஏறி வரும் பாதையில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், திருமுறிகண்டி. "வவுனியா நகரில் இருந்து திருமுறிகண்டி வரை ஏ9 வீதியில் உள்ள, இணைத்த பட்டியலில் இருக்கும் கடைகள்" என்று எழுதினோம். கிளிநொச்சி நகரும் பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியும் அக்காவிடமே நின்றன.

பட்டியல் முக்கியம். அதில் இருக்கும் ஒரு கடைக்கு 60 நாள் பில் போடப்படாவிட்டால் அந்தக் கடை பட்டியலில் இருந்து விழும், அங்கே அக்கா யாரையும் அனுப்பலாம். மாதம் ஒரு முறை எந்தக் கடைக்கு எத்தனை பக்கெற் என்ற கணக்கு வரவேண்டும். விநியோகஸ்தர்கள் இதற்குத் தயங்குவார்கள். கடை விபரம் கிடைத்தால் நாம் நேரே போய்விடுவோம் என்ற பயம் அவர்களுக்கு, அது நியாயமான பயம்தான். அதற்குப் பதிலாக, அவருடைய பட்டியலில் உயிரோடு இருக்கும் கடைக்கு நாம் நேரே விற்கமாட்டோம் என்று நாமும் எழுதிக் கொடுத்தோம்.

பட்டியலுக்கு வெளியே என்றைக்கும் நம்முடையதாக இருக்கவேண்டியவை சில உண்டு. வீட்டுவாசலில் வாங்குவோர், லண்டனுக்கும் கனடாவுக்கும் கொண்டுபோகக் கேட்கும் உறவுகள், கோயில் திருவிழாக் கடைகள். பங்குனியில் புளியம்பொக்கணைப் பொங்கலிலும் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலிலும் ஆவணியில் மடுத் திருவிழாவிலும் வரும் சனம் தூள் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும். முழு விலைக்கு விற்கும் இடங்கள் இவை. முதல் கடதாசியில் இவையும் விநியோகஸ்தருக்குள் போயிருந்தன. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, எழுதப்படாததால் போனது.

இப்போது லாபப் பேச்சு. வானில் ஓடிய நாளில் இருந்து நான் நம்புவது இதுதான். விநியோகஸ்தரிடம் வீதத்தைக் குறைக்கக் கேட்டு நேரத்தை வீணாக்கவேண்டாம். அவருக்கு டீசல் இருக்கிறது, சாரதி இருக்கிறார், கடையில் நிற்கும் கடன் இருக்கிறது. வீதத்தை ஏற்றிக் கொடுத்து, நாளையும் இலவசத்தையும் திரும்பும் சரக்கையும் எல்லையையும் கேளுங்கள்.

அக்கா 16 வீதம் கொடுத்தார், அவர் வாங்கும் விலையின் மேல். 510ஐ 1.16ஆல் வகுத்தால் 439 ரூபா 65 சதம். விநியோகஸ்தர் கையில் 70 ரூபா நிற்கிறது. முதல் கணக்கில் 72 நின்றது, ஆகவே அவர் பெரிதாக எதையும் இழக்கவில்லை. இதற்குப் பதிலாக 14 நாளில் காசு, முதல் சரக்கு கைக்காசுக்கு, இலவசம் புதிய கடைக்கு முதல் தடவை மட்டும், திரும்புவது நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போனால் அவருடைய பொறுப்பு. 350 போக 89 ரூபாவும் சில சதமும். திரும்பும் சரக்குக்கு நாலரைக்குக் கிட்ட, 14 நாள் வட்டிக்கு இரண்டரை. கையில் 83. முதல் வழியைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

திரும்பும் சரக்கில் சண்டை வராமல் இருக்க ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பக்கெற்றைத் திகதியோடு வீட்டில் வையுங்கள். கார்த்திகை மழையில் தூள் கட்டிபட்டது என்று ஒரு கடையில் இருந்து வந்தால், வீட்டில் உள்ள அதே தொகுதிப் பக்கெற்றைப் பிரித்துப் பாருங்கள், அதே தொகுதி போன இன்னொரு கடையிலும் கேளுங்கள். மூன்று இடத்திலும் கட்டி என்றால் ஆறுவதற்கு முன் அடைத்திருக்கிறோம், அல்லது ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. அது நம்முடைய பிழை, அத்தனையும் எடுக்கவேண்டும். ஒரு கடையில் மட்டும் என்றால் அந்தக் கடையின் கூரையைப் பார்க்கவேண்டும். இந்த ஒரு பக்கெற்றால் அக்காவுக்கு ஏற்கனவே ஒரு பெரிய வாக்குவாதம் நின்றது.

விலை மாறும் நாளையும் எழுதுங்கள். செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வருகிறது, கப்பல் நின்றால் விலை துள்ளும். 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்றபோது என்ன நடந்தது என்று தூள் செய்த எல்லோருக்கும் நினைவிருக்கும். அச்சிட்ட விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக்கூடாது, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பிடிக்கும். ஆகவே பழைய விலைப் பக்கெற் பழைய விலைக்கே போகும், புதிய பில் புதிய லேபலோடுதான் தொடங்கும். 15 நாள் முன்னறிவித்தல் போதும்.

இந்த வழியின் மறைந்த செலவு உங்களுடைய நேரம். மாதக் கணக்கைப் பார்க்கவேண்டும், காசு 14ஆம் நாள் வராவிட்டால் 15ஆம் நாள் தொலைபேசி எடுக்கவேண்டும். கூச்சப்பட்டு ஒரு மாதம் விட்டால் 14 நாள் 45 நாளாகிவிடும்.

## வழி மூன்று: நாமே கடைக்குப் போவது

அக்காவின் மகனுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பின்னால் பெட்டி கட்டினால் 100 பக்கெற், 25 கிலோ, சிரமமில்லை. கிழமைக்கு இரண்டு நாள்: செவ்வாய் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம், வெள்ளி கிளிநொச்சி நகரும் பரந்தனும். மாதம் எட்டு நாள், 800 பக்கெற்.

மகனுக்கு நாள் சம்பளம் 2,500 போட்டோம். சொந்தப் பிள்ளை என்று சம்பளம் எழுதாமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும், அவர் வேறு வேலைக்குப் போகும் நாளில்தான் அது தெரியும். பெற்றோல், சாப்பாடு, ரீலோட் எல்லாம் சேர்த்து நாளுக்கு 3,500, மாதம் 28,000, பக்கெற்றுக்கு 35. கடைக்கு 510 என்றால் 350உம் 35உம் போக 125. திரும்புவது ஐந்து, வராத கடன் நூற்றுக்கு இரண்டு என்று பத்து, வட்டி ஒன்று. கையில் 109.

எல்லாவற்றிலும் கூடிய எண் இதுதான். ஆனால் வராத கடன் என்ற வரியை ஆறுதலாகப் பார்க்கவேண்டும். வன்னியில் சின்னக் கடைக்காரர் ஊர்ச் சனத்துக்குக் கொப்பியில் எழுதிக் கொடுப்பார். காலபோக வெள்ளாமை வெட்டித் தை மாசியில் நெல் விற்றால்தான் அந்தக் கொப்பி துடைபடும். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை கடைக்காரர் கையிலேயே காசு இருக்காது. விநியோகஸ்தர் இருந்தால் அந்தச் சுமை அவருடையது, நாமே போனால் நம்முடையது. அக்காவின் மகன் போன மார்கழியில் 14 கடையில் 62,000 ரூபா நிற்கவிட்டார். மாசிக்குள் 51,000 வந்தது. ஒரு கடை பூட்டியே போய்விட்டது. அதற்குப் பிறகு கடைக்கு ஒரு வரம்பு வைத்தோம்: முந்திய பில் முடியாமல் புதிய பக்கெற் இறங்காது, ஐப்பசி தொடக்கம் ஒரு கடைக்கு ஆறு பக்கெற்றுக்கு மேல் கடன் இல்லை.

இன்னொரு எல்லை ஆள். மாதம் 800 தாண்டி 1,600 ஆனால் 16 நாள் வீதியில். மகனுக்குக் காய்ச்சல் வந்தால் விற்பனை நின்றுவிடும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் இப்படி நேரே விற்றவர்கள் பலர் சைக்கிளில் போகக்கூடிய தூரத்துக்குள் சுருங்கினார்கள்.

வீட்டில் இருந்து 30 கிலோமீற்றருக்குள் 40, 50 கடை இருந்து, போக நம்பிக்கையான ஒருவரும் இருந்தால், முதல் வருடத்துக்கு இதுதான் நல்லது என்பேன். எந்தக் கடையில் எவ்வளவு ஓடுகிறது, எந்தப் பக்கெற் அளவு கேட்கிறார்கள் என்பது நமக்கே தெரிந்துவிடும். பிறகு விநியோகஸ்தரோடு பேச இருக்கும்போது கையில் சொந்த எண்கள் இருக்கும்.

## வழி நாலு: மொத்தக் கடைக்குக் கைக்காசுக்கு

வவுனியாவில் ஒரு மொத்தக் கடை பக்கெற்றை 400க்குக் கைக்காசுக்கு எடுக்கத் தயாராக இருந்தது. கடனில்லை, திரும்பாது, எல்லை கேட்கவில்லை. கையில் 50, அன்றைக்கே.

ஆபத்து ஒன்றுதான், ஆனால் பெரியது. மொத்தக் கடைக்காரர் 430க்கு விற்பார். கிளிநொச்சிக் கடைக்காரர் அங்கே சாமான் எடுக்கப் போகும்போது அதே பக்கெற்றைக் காண்பார். அடுத்த செவ்வாய் மகன் 510க்கு நீட்டினால் முகத்தைப் பார்ப்பார். விநியோகஸ்தரும் அன்றோடு விலகிவிடுவார். அதனால் அக்கா மொத்தக் கடைக்கு 250 கிராம் பக்கெற் கொடுக்கவில்லை. சாப்பாட்டுக்கடைகள் எடுக்கும் ஒரு கிலோப் பொதி மட்டும் கொடுக்கிறார், வேறு லேபலில். அவசரக் காசு தேவைப்படும் மாதத்தில் அது கை கொடுக்கிறது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வன்னி முழுக்க ஒருவர் | வீதி எழுதிக் கொடுப்பது | நாமே போவது | மொத்தக் கடை |
|---|---|---|---|---|
| நமக்கு வரும் பில் விலை (ரூபா) | 438 | 439.65 | 510 | 400 |
| எல்லாம் கழிந்து கையில் (ரூபா) | 38 | 83 | 109 | 50 |
| காசு வரும் நாள் | 45 | 14 | கைக்காசு முதல் அறுவடை வரை | அன்றைக்கே |
| திரும்பும் சரக்கு | முழுதும் நமக்கு | நூற்றுக்கு ஒன்று வரை நமக்கு | நமக்கு, ஆனால் நம் கண்ணுக்கு முன் | இல்லை |
| வெளியே வருவது | மிகக் கடினம் | 30 நாள் அறிவித்தல் | கேள்வியில்லை | கேள்வியில்லை |

முதல் இரண்டு நிரலிலும் பில் விலை கிட்டத்தட்ட ஒன்று, கையில் நிற்பது 38உம் 83உம் என்பதைப் பாருங்கள். லாப வீதத்தைப் பற்றிப் பேசிய நேரமெல்லாம் இந்த 45 ரூபா வேறு வரிகளில் இருந்தது.

"முழு வன்னியும் கொடுத்தால் அவர் கூட விற்பார்தானே" என்று கேட்பீர்கள். நேரே போனால் 800 பக்கெற்றில் மாதம் 87,200 ரூபா. அதே காசு 38 ரூபாவில் வர ஏறத்தாழ 2,300 பக்கெற் விற்கவேண்டும். அதாவது 575 கிலோ வறுக்கவேண்டும். அக்காவிடம் இருப்பது ஒரு தாச்சி. இரண்டாவது தாச்சியும் இன்னும் நாலு பேரும் வைக்கும்போது அடக்கவிலை 350இல் நிற்காது. அவசரத்தில் வறுத்தால் மல்லி ஒரு பக்கம் பச்சையாகவும் மிளகாய் ஒரு பக்கம் கருகியும் போகும்.

## மேசையில் பேசும்போது

விநியோகஸ்தரைச் சந்திக்கும் முன் அவருடைய வான் எந்தக் கிழமை எந்த வீதியில் போகிறது என்று இரண்டு கடையில் விசாரித்துவிட்டுப் போங்கள். பேச்சின் அரைவாசி அதில் தீர்ந்துவிடும். அக்காவோடு நானும் போயிருந்தேன். அவர் "என்ரை ஏரியாவுக்குள்ளை வேறை ஆரும் வரப்படாது அக்கா" என்றார். அக்கா, "சரி அண்ணை, உங்கட ஏரியாக் கடையளை எழுதித் தாங்கோ, அதுக்குள்ளை ஆரும் வரமாட்டினம்" என்றார். அவர் எழுதியது 38 கடை. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏ9 வீதிக் கடைகள் தவிர ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வன்னி முழுவதையும் பற்றி அவரே பேசவில்லை.

காசுப் பேச்சில் பின்திகதியிட்ட காசோலை தருவார்கள். வாங்குங்கள், ஆனால் அது கைக்காசு ஆகாது. ஒரு காசோலை திரும்பினால் அடுத்த சரக்கு நிற்கும் என்று எழுதுங்கள், நிற்கவும் வையுங்கள்.

விலகும் வரியை எல்லோரும் கடைசியில் விட்டுவிடுவார்கள். ஆறு மாத ஒப்பந்தம், 30 நாள் அறிவித்தல். விலகும் நாளில் அவரிடம் இருக்கும் சரக்கில் மூன்று மாதத்துக்கு மேல் தவணை உள்ளதை நாம் பில் விலைக்கு எடுப்போம், மீதி அவருடையது. கடைகளில் நிற்கும் கடன் அவருடையது, அதைக் காரணம் காட்டி நமக்குத் தரவேண்டிய காசை மறிக்க முடியாது. இந்தக் கடைசி வரிக்காக அரை மணித்தியாலம் பேசினோம். அவர் சம்மதித்தது, தன் கடைகளுக்கு அறுவடைக் காலம் வரை நாங்கள் வேறு ஆள் அனுப்பமாட்டோம் என்று அக்கா வாக்குக் கொடுத்த பிறகுதான்.

இப்போது அக்காவின் தூள் இரண்டு வழியாகப் போகிறது. திருமுறிகண்டிக்குத் தெற்கே வானில் மாதம் 350 பக்கெற், வடக்கிலும் ஏ35 வீதியிலும் மகனின் பெட்டியில் 450. ஒப்பந்தம் பங்குனியில் முடிகிறது. அதற்குள் ஒட்டுசுட்டான் பக்கம் போகும் ஒரு சின்ன வான்காரரோடும் பேச்சு நடக்கிறது. அவர் கேட்டிருப்பது 18 வீதம். எதில் 18 என்று அக்கா முதல் நாளே கேட்டுவிட்டார்.